ஒரு படத்திலிருந்து பல துண்டுகள்

ஒரு படத்தில் என்ன இருக்கிறது என்று கணினிக்குக் கற்றுக்கொடுக்க, நாய்ப் படங்கள் ஒரு கோப்புறையிலும் பூனைப் படங்கள் இன்னொன்றிலுமாகப் பிரித்த தொகுப்பு தேவை. கிடைக்கும் படங்களோ பெரும்பாலும் கலவையானவை. ஒரே படத்தில் நாய், மனிதர், நாற்காலி எல்லாம் இருக்கும். ஒவ்வொரு பொருளையும் சுற்றி யாராவது ஏற்கெனவே செவ்வகக் கட்டம் வரைந்து பெயரிட்டு வைத்திருந்தால், கட்டங்களை வெட்டியெடுத்தே சிறு தொகுப்பு ஒன்றை உருவாக்கிவிடலாம்.

2007-இல் வெளியான பாஸ்கல் வி.ஓ.சி. தொகுப்பு இதற்கு ஏற்றது. அதில் 20 வகைப் பொருள்கள், 9,963 படங்கள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு உண்டு. பொருளின் பெயரும் கட்டத்தின் நான்கு எல்லைகளும் அதில் இருக்கும். 000001 என்ற படத்தின் அகலம் 353 பிக்சல், உயரம் 500. கோப்பு சொல்லும் நாயின் எல்லைகள்: இடம் 48, மேல் 240, வலம் 195, கீழ் 371.

இந்த எண்களை அப்படியே எடுத்து வெட்டினால் சிறு பிழை நேரும். வி.ஓ.சி. பிக்சல்களை 1-லிருந்து எண்ணுகிறது. பைத்தானின் பில்லோ நூலகம் 0-விலிருந்து எண்ணுகிறது, வலது எல்லையையும் கீழ் எல்லையையும் துண்டில் சேர்ப்பதில்லை. ஆகவே இடத்திலும் மேலும் மட்டும் ஒன்றைக் கழிக்க வேண்டும். துண்டு 148க்கு 132 பிக்சலாக வரும். ஒரு பிக்சல் பிசகு கண்ணுக்குத் தெரியாது. ஆனால் எண்களின் பொருளையே தவறாகக் கொண்டால் தொகுப்பு முழுவதும் பாழாகும். கோகோ தொகுப்பில் பின்னிரண்டு எண்கள் அகலமும் உயரமும். யோலோ முறையில் முதலிரண்டும் கட்டத்தின் மையம், அவையும் படத்தின் அளவுக்கு விகிதமாகவே தரப்படும். பிழைச் செய்தி எதுவும் வராமலே நாய்க் கோப்புறை புல்லாலும் சுவராலும் நிறைந்துவிடக்கூடும். வெட்டுவதற்கு முன் பத்துப் படங்கள்மீது கட்டங்களை வரைந்து பார்ப்பதே நம்பகமான சோதனை.

கட்டத்தைச் சுற்றிக் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுவது நல்லது. வரைந்தவரின் கை சற்று உள்வாங்கியிருந்தால் காதோ வாலோ அறுபட்டுவிடும். பக்கத்துக்குப் பத்து விழுக்காடு சேர்த்தால் இந்த நாய்த் துண்டு 178க்கு 158 ஆகும்.

```python
from PIL import Image

img = Image.open("000001.jpg").convert("RGB")
W, H = img.size
x1, y1, x2, y2 = 48 - 1, 240 - 1, 195, 371
px = round(0.1 * (x2 - x1))
py = round(0.1 * (y2 - y1))
box = (max(0, x1 - px), max(0, y1 - py),
       min(W, x2 + px), min(H, y2 + py))
img.crop(box).save("dog_000001_1.png")
```

`max`, `min` இரண்டும் எல்லை படத்துக்கு வெளியே போகாமல் தடுக்கின்றன. அவை இல்லையென்றால் பில்லோ குறை சொல்லாது. வெளியே நீண்ட பகுதியைக் கறுப்பாக நிரப்பிவிடும்.

இதே படத்தில் இன்னொரு கட்டமும் உண்டு: மனிதர், 8, 12, 352, 498. ஏறக்குறைய முழுப் படமும் அதற்குள் அடங்கிவிடுகிறது. நாயின் கட்டமும் முழுதாக அதற்குள்தான். 'மனிதர்' என்று வெட்டும் துண்டில் ஒன்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலான பரப்பு நாயின் கட்டம். ஓர் உருவம் இத்தகையது என்று சொல்ல முடியாத துண்டுக்கு ஒரே பெயர் சூட்டுகிறோம் என்பதுதான் இம்முறையின் உண்மையான பலவீனம். ஒரு வகையின் கட்டம் தேவையான மற்றொரு வகையின் கட்டத்தைப் பெருமளவு விழுங்கினால், பெரிய கட்டத்தை விட்டுவிடுவதே நேர்மையானது. சிறிய கட்டத்திலும் பின்னணியாக மனிதரின் உடல் தெரியலாம். ஆனால் நடுவில் நிறைந்திருப்பது நாய்.

கோப்பில் `difficult` என்று குறித்த பொருள்கள் மனிதக் கண்ணுக்கே எளிதில் பிடிபடாதவை, அவற்றைத் தவிர்க்கலாம். `truncated` குறி, பொருளின் ஒரு பகுதி கட்டத்துக்கு வெளியே மறைந்திருப்பதைச் சொல்கிறது. இந்த நாய்க்கும் அந்தக் குறி உண்டு. அத்தகையவற்றையெல்லாம் நீக்கினால் தொகுப்பு மெலிந்துபோகும். பாதி மறைந்த நாய்களையும் மாதிரி அடையாளம் காண வேண்டும் என்பதால் வைத்துக்கொள்வதே மேல். மிகச் சிறிய கட்டங்கள் வேறு. 20 பிக்சல் அகலத் துண்டை 224-க்குப் பெரிதாக்கினால் மங்கல் மட்டுமே மிஞ்சும்.

பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது துண்டுகளைக் கலைத்துப் பங்கிடக் கூடாது. ஒரே படத்தில் ஐந்து ஆடுகள் நின்றால் ஐந்து துண்டுகளிலும் அதே புல், அதே வெயில். மூன்று பயிற்சிக்கும் இரண்டு சோதனைக்கும் போனால் மாதிரி புல்லை நினைவில் வைத்தே மதிப்பெண் வாங்கிவிடும். முதலில் மூலப் படங்களைப் பிரித்து, பிறகே வெட்ட வேண்டும். துண்டின் பெயரில் மூலப் படத்தின் எண் இருப்பது இதைச் சரிபார்க்கத்தான்.

இப்படிப் பயின்ற மாதிரிக்கு ஒரு வரம்பும் உண்டு. பொருள் சட்டத்தை நிறைத்திருக்கும் துண்டுகளையே அது பார்த்திருக்கிறது. தொலைவில் ஒரு நாய் நிற்கும் முழுப் படத்தைக் கொடுத்தால் அது தடுமாறும். அங்கே நாயிருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தரும் வேறொரு நிரல் முதலில் வேண்டும்.