பூனை பெற்ற பட்டம்

2004-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே கால்பி நோலன் என்பவர் வணிக நிருவாகத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். பட்டம் அளித்தது டெக்சாஸ் மாநிலத்தில் இயங்கிய டிரினிடி சதர்ன் பல்கலைக்கழகம். அதனுடன் வந்த மதிப்பெண் பட்டியலில் 4-க்கு 3.5 என்னும் நல்ல சராசரி குறிக்கப்பட்டிருந்தது. இத்துணைச் சிறப்புடன் தேறிய கால்பி நோலன் ஆறு வயதுடைய ஒரு பூனை!

அந்நிறுவனத்தின்மீது ஐயங்கொண்ட பென்சில்வேனியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகத்தார், உண்மையை அறியவே பூனையின் பெயரால் விண்ணப்பம் அனுப்பினர். இளங்கலைப் பட்டத்திற்கு விலை 299 டாலர். உணவு விடுதியில் வேலை பார்த்ததாகவும், குழந்தைகளைப் பார்த்துக்கொண்டதாகவும், செய்தித்தாள் போட்டதாகவும் விண்ணப்பத்தில் எழுதியிருந்தனர். இவ்வளவு அனுபவம் உடையவர் இன்னும் 100 டாலர் செலுத்தினால் முதுகலைப் பட்டமே பெறலாம் என்று மறுமொழி வந்தது. பாடம் இல்லை, தேர்வு இல்லை, பட்டம் மட்டும் வந்து சேர்ந்தது. அவ்வாண்டு இறுதியில் பென்சில்வேனியா அரசு அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது.

இங்கே நாம் கருதவேண்டுவது ஒன்று உண்டு. போலிப் பட்டத்தைக் காகிதத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க இயலாது. தடித்த தாள், பொன்னிற முத்திரை, அழகிய கையொப்பம் ஆகிய யாவும் எந்த அச்சகத்திலும் கிடைப்பனவே. உண்மைப் பட்டத்திற்கும் போலிப் பட்டத்திற்கும் உள்ள வேறுபாடு, 'பட்டம் வழங்கும் உரிமையை இந்நிறுவனத்திற்கு அளித்தவர் யார்?' என்ற வினாவிற்குக் கிடைக்கும் விடையிலேயே அடங்கியுள்ளது.

நம் நாட்டில் இவ்வினாவிற்கு விடை காண்பது அரிதன்று. 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22-ஆம் பிரிவில், பட்டம் வழங்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை வரையறுத்துள்ளது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் நிறுவப்பெற்ற பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக அறிவிக்கப்பட்ட நிறுவனம், நாடாளுமன்றம் தனியே உரிமை அளித்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் வழங்கலாம். ஆகவே, 'நீங்கள் எந்தச் சட்டத்தின்கீழ் நிறுவப்பட்டீர்கள்?' என்று கேட்பதே முதற் சோதனை. சென்னைப் பல்கலைக்கழகத்தைக் கேட்டால், '1857-ஆம் ஆண்டுச் சட்டம்' என்று உடனே விடை வரும். போலி நிறுவனமோ, 'நாங்கள் அரசிடம் பதிவு செய்துள்ளோம்' என்று சொல்லும். சங்கமாகவோ கம்பெனியாகவோ பதிவு செய்வதை யாரும் செய்யலாம். அப்பதிவால் பட்டம் வழங்கும் உரிமை வந்துவிடாது. சொல் ஒன்றே போல் தோன்றினும் பொருள் வேறு. பலர் ஏமாறுவது இவ்விடத்திலேதான்.

அமெரிக்காவில் நிலைமை சற்றுச் சிக்கலானது. அங்கே கல்லூரிகளை ஆராய்ந்து அங்கீகாரம் அளிப்பவை அரசு சாராத அமைப்புகள். அவற்றுள் நம்பத்தக்கவை எவை என்பதை அந்நாட்டுக் கல்வித்துறை ஆராய்ந்து பட்டியலாக வெளியிடுகிறது. பட்டம் விற்போர் இதனை நன்கு அறிவர். எனவே அவர்களுள் சிலர் பல்கலைக்கழகத்தோடு நில்லாமல், அதற்குச் சான்று கூற ஓர் அங்கீகார அமைப்பையும் தாமே உண்டாக்கிக்கொள்கின்றனர். திருடனுக்குத் திருடனே சாட்சி! 'அங்கீகாரம் பெற்றது' என்ற தொடரைக் கண்டவுடன் மனம் நிறைவுறாமல், அங்கீகரித்தவரை அங்கீகரித்தவர் யார் என்று இன்னும் ஒரு படி மேலே சென்று பார்த்தல் வேண்டும்.

அவ்வாறு பார்க்கும்போது விற்பவர் காட்டும் வழியே செல்லலாகாது. பட்டச் சான்றில் அச்சிட்டுள்ள எண்ணுக்குத் தொலைபேசியில் பேசினால், 'ஆம், இவர் எங்கள் மாணவரே' என்று சொல்லவும் அவர்கள் ஆள் வைத்திருப்பர். மானியக் குழு தன் இணையத்தளத்தில் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும், போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் தனித்தனியே வெளியிடுகிறது. அங்கே நாமே சென்று தேடவேண்டும். பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுதலும் வேண்டும்; புகழ்பெற்ற பல்கலைக்கழகத்தின் பெயரில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வது இவ்வணிகத்தில் பழைய தந்திரம்.

கட்டணம் கேட்கும் முறையும் ஓரளவு குறிப்புத் தரும். உண்மைக் கல்லூரி பருவத்திற்கோ பாடத்திற்கோ கட்டணம் பெறும். முழுப் பட்டத்திற்கும் ஒரே விலை சொல்லி, சில நாட்களில் அனுப்புவதாகக் கூறுமிடத்தில் விற்பனையே நடைபெறுகிறது.

இச்சோதனைகளுக்கும் ஓர் எல்லை உண்டு. பட்டியலில் உள்ள உண்மைப் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே ஒருவன் போலிச் சான்று அச்சிட்டுக் கொடுத்தால், பட்டியல் அதனைக் காட்டிக்கொடாது. அப்பொழுது பதிவெண்ணைக் குறிப்பிட்டு, அப்பல்கலைக்கழகத்தின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கே எழுதிக் கேட்டல் வேண்டும். வேலைக்கு ஆள் எடுக்கும் அலுவலகங்கள் இவ்வாறே சரிபார்க்கின்றன. தாம் வாங்கியது போலி என்பதைச் சிலர் அறிவதும் அப்பொழுதுதான். அதற்குள் கட்டிய பணமும் கழிந்த ஆண்டுகளும் போயிருக்கும்.