அடுத்த தகவல் எத்தனை மணிக்கு?

சாலை தோண்டும்போது கேபிள் அறுந்து ஒரு பகுதியில் இணையம் நின்றுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். "தொழில்நுட்பக் காரணங்களால் சேவை பாதிக்கப்பட்டுள்ளது" என்ற குறுஞ்செய்தி வந்தால் வாடிக்கையாளருக்கு ஒன்றும் புரியாது. மோடத்தை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருப்பார்.

இப்படி எழுதலாம்: "காலை 10.10 முதல் வடக்குப் பகுதியில் இணையம் இல்லை. சாலைப் பணியில் கேபிள் அறுந்துவிட்டது. உங்கள் மோடத்தில் பழுதில்லை. எப்போது சரியாகும் என்று இன்னும் தெரியவில்லை. அடுத்த தகவல் 11.30 மணிக்கு."

கடைசி வரிதான் இதற்கு உயிர். அறுந்த இடத்தைத் தேடிப் பிடித்து, மண்ணைத் தோண்டி, மெல்லிய கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அது எப்போது முடியும் என்று அந்த ஊழியராலேயே உறுதி சொல்ல முடியாது. தகவல் சொல்லும் நேரமோ நிறுவனத்தின் கையில் இருக்கிறது. வாக்குக் கொடுக்க வேண்டியது அதற்குத்தான். 11.30க்குப் புதிதாக ஏதும் இல்லாவிட்டாலும், "இன்னும் தேடுகிறோம், அடுத்த தகவல் 12.30க்கு" என்று அனுப்பியே ஆகவேண்டும். அந்த நேரம் தவறினால் 11.35க்கே தொலைபேசிகள் அலறத் தொடங்கும்.

பழுது பார்ப்பவரையே செய்தியும் எழுதச் சொன்னால் இரண்டும் தாமதமாகும். அதற்கென்று தனியாக ஒருவரை உட்கார வையுங்கள். இணைப்பு திரும்பிய பிறகும், அது நிலைத்து நிற்கிறதா என்று பார்த்துவிட்டே "சரியாகிவிட்டது" என்று அறிவியுங்கள்.