ஒரு வளவு, மூன்று விலைகள்: வன்னியில் காணி மதிப்பீடு

கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் ஒரு வளவை எடுத்துக்கொள்வோம். உறுதிக் காணி, 4 பரப்பு, அதாவது 40 பேர்ச். முன்பக்கம் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள். பின்பக்கம் 900 சதுர அடியில் ஒரு வீடு. போருக்குப் பின் இந்திய வீடமைப்புத் திட்டத்தில் கிடைத்த 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபாய் உதவியோடு, சொந்தப் பணத்தையும் போட்டுக் கட்டியது. உரிமையாளர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் மூவரில் ஒருவர் கனடாவில், ஒருவர் வவுனியாவில், ஒருவர் அந்த வீட்டிலேயே. பிரிக்க வேண்டும். விலை என்ன?

இந்த வளவும் இனி வரும் தொகைகளும் கணக்கை விளக்க நாம் வைத்துக்கொண்டவை. ஆனால் ஒரே வளவுக்கு 1 கோடி 47 இலட்சம், 1 கோடி 5 இலட்சம், 1 கோடி 91 இலட்சம் என்று மூன்று விலைகள் வருவது வன்னியில் அடிக்கடி நடப்பதுதான். அதைக் கண்டதும் மதிப்பீட்டாளர் யாருடைய பக்கமோ சாய்ந்துவிட்டார் என்ற சந்தேகம் குடும்பத்துக்குள் எழும். மூன்றும் நேர்மையாகப் போட்ட கணக்குகளாக இருக்கலாம். ஒவ்வொன்றும் வேறொரு கேள்விக்கு விடை சொல்கிறது.

அயல் காணி என்ன விலை போனது?

முதலாவது ஒப்பீட்டு முறை. அண்மையில் விற்ற அயல் காணிகளின் விலையை எடுத்து, வேறுபாடுகளுக்குக் கூட்டிக் குறைத்து நம் காணிக்குப் பொருத்துவது. தாராளமாக விற்பனை நடக்கும் இடத்தில் இதற்கு மிஞ்சிய முறை இல்லை. சிக்கல், நம்பத்தகுந்த விற்பனையைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது.

நம் வளவுக்கு மூன்று விற்பனைகள் கிடைத்தன என்று வைப்போம். உள் ஒழுங்கையில் 2 பரப்பு, சென்ற ஆண்டு, பரப்பு 18 இலட்சம். ஏ9 வீதியில் 6 பரப்பு, மூன்று ஆண்டுகளுக்கு முன், பரப்பு 24 இலட்சம். வீதி மூலையில் 1 பரப்பு, இந்த ஆண்டு, 45 இலட்சம்.

மூன்றாவதுதான் புதியது, மிக அருகிலும் உள்ளது. ஆனால் அதை வாங்கியவர் வெளிநாட்டில் இருப்பவர். பக்கத்துத் துண்டு அவருடைய தாயின் வளவு. இரண்டையும் ஒன்றாக்க எந்த விலையும் கொடுக்க அவர் தயாராக இருந்தார். அந்த 45 இலட்சம் அவருக்கு மட்டுமே உரிய விலை. அடுத்து வருபவர் கொடுக்கமாட்டார் என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டும். தரகர்கள் முதலில் சொல்லும் விலை பெரும்பாலும் இப்படிப்பட்டதாகவே இருக்கும்.

இரண்டாவது விற்பனையில் வேறொரு சிக்கல். காணிப் பதிவகத்தில் உறுதியைப் பார்த்தால் பரப்பு 10 இலட்சம் என்றே எழுதியிருக்கிறது. முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்து எழுதுவது பழகிப்போன வழக்கம். ஆகவே பதிவகத் தாளை மட்டும் நம்பினால் விலை தாழ்ந்துவிடும், தரகரை மட்டும் நம்பினால் உயர்ந்துவிடும். வாங்கியவர், விற்றவர், வங்கிக் கடன் இருந்தால் அதற்கான மதிப்பீடு என்று குறைந்தது இரண்டு வழிகளில் உறுதிப்படாத விலையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

மூன்று ஆண்டு இடைவெளியையும் கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. கடன் வாங்கிக் காணி வாங்குவோர் ஒதுங்கினர்; ரூபாயின் பெறுமதி வீழ்ந்ததால் டொலர் வைத்திருந்தோருக்குக் காணி மலிந்தது. அந்தக் காலத்து விற்பனை என்றால் வாங்கியவர் எந்தப் பணத்தில் வாங்கினார் என்பதையும் கேட்க வேண்டும்.

ஏ9 விற்பனையோடு காலத்துக்கு 15 சதவீதமும், பெரிய துண்டு பரப்புக்குக் குறைவாகவே விலைபோகும் என்பதால் 5 சதவீதமும் கூட்டினால் 28.8 இலட்சம். ஒழுங்கைக் காணியோடு வீதி முகப்புக்கு 50 சதவீதமும் காலத்துக்கு 5 சதவீதமும் கூட்டினால் 27.9 இலட்சம். இரண்டும் நெருங்கி வந்ததே கணக்கு நிதானமாக இருப்பதற்கு அடையாளம். பரப்பு 28 இலட்சம் என்று கொண்டால் வெறுங்காணி 1 கோடி 12 இலட்சம். இதுபோன்ற வீடும் கடையும் உள்ள வளவை வாங்குபவர்கள் கட்டடத்துக்காகச் சுமார் 35 இலட்சம் கூடுதலாகத் தருகிறார்கள் என்றால், மொத்தம் 1 கோடி 47 இலட்சம்.

இந்த வளவு என்ன உழைக்கிறது?

இரண்டாவது வருமான முறை. இரு கடைகளின் வாடகை மாதம் 50,000, ஆண்டுக்கு 6 இலட்சம். இரு கடைகளும் ஒரு மாதம் வெறுமையாகக் கிடக்கும் என்று 50,000, திருத்தவேலை, ஆதன வரி, காப்புறுதிக்கு 70,000 கழித்தால் மிச்சம் 4 இலட்சத்து 80 ஆயிரம். வீட்டை வாடகைக்கு விட்டால் செலவு போகக் கிடைக்கக்கூடிய 1 இலட்சத்து 50 ஆயிரத்தையும் சேர்த்தால் நிகர வருமானம் 6 இலட்சத்து 30 ஆயிரம். முதலீட்டாளர் ஆண்டுக்கு 6 சதவீதம் எதிர்பார்க்கிறார் என்றால் அதை 0.06ஆல் வகுக்கிறோம்: 1 கோடி 5 இலட்சம். 8 சதவீதம் என்றால் 79 இலட்சத்துக்குக் கிட்ட.

இரண்டு புள்ளி மாற்றத்தில் 26 இலட்சம் போய்விடுகிறது. ஆகவே இந்த முறையில் சண்டை வாடகையைப் பற்றியதல்ல, வீதத்தைப் பற்றியது. வங்கி நிலையான வைப்பு வட்டியை அப்படியே எடுத்துப் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. வைப்பிலிட்ட ரூபாய் ரூபாயாகவே நிற்கும். காணியின் விலையும் வாடகையும் பணவீக்கத்தோடு ஏறும். அதனால் காணி வாங்குபவர் முதல் ஆண்டில் குறைந்த வருமானத்துக்கும் சம்மதிப்பார். வாடகைக்கு விட்ட கடைகள் உண்மையில் விற்ற விலையை அவற்றின் நிகர வாடகையோடு ஒப்பிட்டே வீதத்தைப் பெற வேண்டும்.

வருமான முறையில் வளவு ஏன் மலிவாகத் தெரிகிறது? ஏ9 காணியின் சந்தை விலையில் இன்றைய வாடகையோடு நாளைக்கு அங்கே எழக்கூடிய மாடிக் கட்டடமும் அடங்கியிருக்கிறது. இரண்டு சிறு கடைகள் அந்தக் காணியின் முழுப் பயனையும் எடுக்கவில்லை. வருமானக் கணக்கு ஒப்பீட்டுக் கணக்கைவிட மிகத் தாழ்ந்து நின்றால், கட்டடம் காணிக்குப் போதாது என்று வாசிக்க வேண்டும்.

இன்று கட்டினால் எவ்வளவு?

மூன்றாவது செலவு முறை. காணி 1 கோடி 12 இலட்சம். வீட்டை இன்று கட்ட சதுர அடி 7,500 என்றால் 67.5 இலட்சம், பழசானதற்குக் கால்பங்கு கழித்தால் 50.6. கடைகள் 600 சதுர அடி, 6,000 வீதம் 36 இலட்சம். ஐந்தில் ஒன்று கழித்தால் 28.8. மொத்தம் 1 கோடி 91 இலட்சம்.

வீட்டிலேயே இருக்கும் பிள்ளைக்கு இதுதான் நியாயமான தொகையாகப் படும். ஆனால் போட்ட செலவு திரும்பி வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. வெளிநாட்டுப் பணத்தில் கட்டிய மாடி வீடுகள் வன்னிக் கிராமங்களில் பல. ஒரு கோடி செலவான வீட்டை அந்த ஊரில் முப்பது இலட்சத்துக்குக்கூட வாங்க ஆளில்லாமல் போகலாம். சுவரில் ஒரு வெடிப்பும் இல்லாத வீடு. குறை ஊரின் வாங்கும் சக்தியில். இந்தக் குறைக்கான கழிவைப் போடாமல் வயதுக் கழிவை மட்டும் போட்டுவிட்டு முடிப்பதுதான் செலவு முறையின் வழக்கமான பிழை.

சந்தையும் வாடகையும் இல்லாத இடத்தில் இந்த முறையைத் தவிர வேறு வழியில்லை: பாடசாலை, வைத்தியசாலை, கோயில் மண்டபம். காப்புறுதிக்கும் இதுவே, அங்கே காணியை விட்டுவிட்டுக் கட்டடத்தை மட்டும், பழசுக் கழிவில்லாமல் எடுக்க வேண்டும், ஏனெனில் எரிந்த வீட்டைப் புதிதாகத்தான் கட்ட முடியும்.

எதற்காக மதிப்பிடுகிறோம்?

பிள்ளைகள் பிரிப்பதற்கோ விற்பதற்கோ என்றால் ஒப்பீட்டு விலை 1 கோடி 47 இலட்சமே அடிப்படை. பிரதேச சபை ஆதன வரிக்குப் பார்ப்பது வளவின் ஆண்டுப் பெறுமதியை, அதாவது நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகையை. வீதி அகலிப்புக்காக அரசு எடுத்தால் 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் பேசும். விருப்பத்தோடு விற்பவர் திறந்த சந்தையில் பெறக்கூடிய விலையே அதன் 45ஆம் பிரிவு சொல்லும் அளவு. முன்பக்கம் 1 பரப்பு கடைகளோடு போய்விட்டால் நட்டம் மொத்த விலையில் நாலிலொன்று அல்ல. கடைகளும் அவற்றின் வாடகையும் முழுதாகப் போகின்றன. துண்டிப்பால் மீதிக்கு வரும் பாதிப்பையும் உரிமைக் கோரிக்கையில் தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

பெர்மிட் காணி என்றால்?

மேலே சொன்ன அத்தனையும் உறுதிக் காணிக்கு. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டுக் குடியேற்றங்களில் பெரும்பகுதி 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அரச காணி. பெர்மிட் வைத்திருப்பவர் அதை விற்க முடியாது. அளிப்புப் பத்திரம் இருந்தாலும் பிரதேச செயலாளரின் சம்மதம் வேண்டும். கடனுக்காக நீதிமன்றத் தீர்ப்பின் பேரில் பறித்து விற்கவும் சட்டம் இடந்தராது. வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாறுவது உண்டு. அந்த விலைகளை ஒப்பீட்டுக்கு எடுக்க முடியாது. வாங்கியவருக்குக் கிடைத்தது உரிமையல்ல, நம்பிக்கை மட்டுமே.

ஆனாலும் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்பட்ட பிள்ளை மற்றவர்களுக்கு என்ன கொடுப்பது என்ற கேள்வி வீடுகளில் எழத்தான் செய்யும். வயலுக்கு அங்கே கைகொடுப்பது வருமான முறை. எடுக்க வேண்டியது குத்தகைத் தொகையை. விளைச்சல் இலாபத்தில் உழுதவரின் உழைப்பும் கலந்திருப்பதால் அது காணியின் வருமானம் ஆகாது. 2 ஏக்கருக்குக் காலபோகக் குத்தகை ஏக்கர் 20,000 வீதம் 40,000. சிறுபோகத்துக்கும் இன்னொரு 40,000 சேர்த்துவிடக் கூடாது. குளத்து நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த அளவுதான் சிறுபோகம் விதைக்கலாம். பல ஆண்டுச் சராசரி மூன்றிலொன்று என்றால் 13,300தான். ஆண்டுக்கு 53,300; 5 சதவீதத்தில் 10 இலட்சத்து 66 ஆயிரம். இரு போகத்தையும் முழுதாகப் போட்டிருந்தால் 16 இலட்சம், அதாவது அரைவாசி மிகை. இதிலும் விற்கமுடியாமைக்காக ஒரு கழிவு போட வேண்டும். வீட்டுக்குச் செலவு முறையில் தனிக் கணக்கு.

2024இல் தொடங்கிய உறுமய திட்டத்தின் கீழ் இத்தகைய காணிகளுக்கு முழு உரிமை வழங்கப்பட்டது. அப்படிக் கிடைத்த இடத்தில் விற்கமுடியாமைக் கழிவு விழுந்துவிடும். மண்ணும் நீரும் மாறாமலே பெறுமதி ஏறும். ஆகவே மதிப்பீட்டு அறிக்கை கைக்கு வந்ததும் கடைசிப் பக்கத்துத் தொகைக்குப் பாயாமல், என்ன பத்திரம், எந்தத் திகதி, எந்தத் தேவை, எந்த முறை என்ற நான்கையும் முதலில் தேடுங்கள். இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்தத் தொகையை வைத்துப் பங்கு பிரிக்காதீர்கள். அறிக்கையைத் திருத்தித் தரும்படி கேளுங்கள்.