ஒரே கேள்வி, இரண்டு சந்தை

நுண்பொருளியல் வினாடி வினாக்களில் அடிக்கடி வரும் கணக்கு இது. ஒரு பொருளின் தேவை P = 100 − Q. ஒன்றைத் தயாரிக்க 20 ரூபாய். எத்தனை தயாரித்தாலும் இந்தச் செலவு மாறாது, வேறு செலவும் இல்லை. சந்தை முற்றுரிமையாளர் ஒருவர் கையில் இருந்தால் எத்தனை விற்பார், என்ன விலைக்கு? நிறைவுப் போட்டி என்றால்?

இரண்டுக்கும் விதி ஒன்றுதான். கூடுதலாக ஒன்றை விற்பதால் வரும் வருவாய், அதைத் தயாரிக்கும் செலவுக்குச் சமமாகும் இடத்தில் உற்பத்தியை நிறுத்த வேண்டும். முன்னதை இறுதிநிலை வருவாய் என்றும் பின்னதை இறுதிநிலைச் செலவு என்றும் பாடநூல்கள் சொல்கின்றன. சந்தைக்குச் சந்தை மாறுவது அந்த வருவாய்தான்.

நிறைவுப் போட்டியில் தனி விற்பனையாளர் எவ்வளவு விற்றாலும் விலை அசையாது. கூடுதலாக விற்கும் ஒன்றுக்கு முழு விலையும் அவருக்குக் கிடைக்கும். அதனால் விலை 20-க்கு வந்து நிற்கிறது, விற்பனை 80.

முற்றுரிமையாளர் கதை வேறு. 40 விற்கும்போது விலை 60, வருவாய் 2,400 ரூபாய். 41-ஆவதும் விற்க வேண்டுமானால் எல்லாவற்றின் விலையையும் 59 ஆக்க வேண்டும். அப்போது வருவாய் 2,419. கடைசிப் பொருள் 59 ரூபாய்க்குப் போனாலும் கைக்குக் கூடுதலாக வந்தது 19 தான்; செலவோ 20. ஆகவே 40-லேயே நின்றுவிடுவார். ஒன்றுக்கு 40 வீதம் லாபம் 1,600.

மாணவர்கள் சறுக்குவது இரண்டு இடங்களில். இறுதிநிலை வருவாயும் செலவும் 20-இல் சந்திப்பதைப் பார்த்து, விலையும் 20 என்று எழுதிவிடுவார்கள். அந்தச் சந்திப்பு தருவது அளவை மட்டுமே. விலையைத் தேவைக் கோட்டில்தான் படிக்க வேண்டும். இன்னொன்று, வருவாய் உச்சத்தை லாப உச்சமாக எண்ணுவது. 50 விற்றால் வருவாய் 2,500 என்ற உச்சத்தைத் தொடும். ஆனால் 1,000 ரூபாய் செலவு போக லாபம் 1,500-தான்.

இந்த ஒப்பீடு இரு சந்தையிலும் செலவு ஒன்றே என்று வைத்துக்கொள்கிறது. குடிநீர்க் குழாய், மின்கம்பி போன்றவற்றில் பல நிறுவனங்கள் போட்டியிட்டால் செலவு ஏறலாம். ஆனால் முற்றுரிமையாளரின் செலவு குறைந்தால் மட்டும் விலை போட்டி நிலைக்கு இறங்கிவிடாது. பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ 1838-இல் எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டு, செலவே இல்லாமல் தண்ணீர் தரும் கனிம ஊற்று ஒன்றின் உரிமையாளர். நம் கணக்கிலும் செலவைச் சுழியாக்கினால் அவர் 50 விற்பார், விலையும் 50. ஒன்றுக்கு 20 ரூபாய் செலவழித்துத் தயாரிக்கும் போட்டிச் சந்தையைவிட 30 ரூபாய் அதிகம்.