தழும்பின் மேல் பதிந்த நஞ்சுக்கொடி

முதல் இரண்டு குழந்தைகளும் சிசேரியன். மூன்றாவது கர்ப்பத்தின் ஐந்தாம் மாத ஸ்கேனில், நஞ்சுக்கொடி கர்ப்பப்பையின் முன்பக்கச் சுவரில், வாயை மூடியபடி கீழே கிடக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முப்பது வயதுள்ள ஒரு பெண் இந்த ரிப்போர்ட்டுடன் வீட்டுக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். "மாசம் ஏற ஏற அதுவும் மேல ஏறிடும்" என்று யாராவது தைரியம் சொல்வார்கள். பெரும்பாலானவர்களுக்கு அப்படித்தான் நடக்கவும் செய்கிறது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர்ந்து நீளும்போது நஞ்சுக்கொடியும் வாயிலிருந்து விலகிப் போய்விடும். ஆனால் ஏற்கெனவே சிசேரியன் தழும்பு உள்ள பெண்ணிடம் இந்தப் பதிலைச் சொல்லி அனுப்பிவிடக் கூடாது. நஞ்சுக்கொடி மேலே ஏறுமா என்பதோடு, அது எதன் மேல் ஒட்டியிருக்கிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

இயல்பான கர்ப்பத்தில் நஞ்சுக்கொடிக்கும் கர்ப்பப்பைத் தசைக்கும் நடுவே மெத்தென்ற ஒரு உட்சவ்வு இருக்கும். குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடி அந்தச் சவ்வோடு பிரிந்து தானாக வெளியே வருகிறது. சிசேரியனில் வெட்டித் தைத்த இடத்தில் இந்தச் சவ்வு சரியாக வளர்வதில்லை. கரு அந்தத் தழும்பின் மேல் வந்து பதிந்தால், நஞ்சுக்கொடி நேராகத் தசையிலேயே ஒட்டிக்கொள்கிறது. மேலோட்டமாக ஒட்டினால் அக்ரீட்டா, தசைக்குள் இறங்கினால் இன்க்ரீட்டா, தசையைத் தாண்டிக் கர்ப்பப்பையின் வெளிப்புறம்வரை போய்விட்டால் பெர்க்ரீட்டா. மூன்றையும் சேர்த்து இப்போது 'பிளசென்டா அக்ரீட்டா ஸ்பெக்ட்ரம்' என்கிறார்கள். நஞ்சுக்கொடி வெறிகொண்டு துளைத்துச் செல்கிறது என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தார்கள். பழைய தையல் இடமே மெலிந்து விரிந்து இடம்கொடுப்பதுதான் முக்கியக் காரணம் என்ற கருத்து இன்று வலுத்து வருகிறது.

2006இல் அமெரிக்காவில் 30,000க்கும் மேற்பட்ட சிசேரியன்களை ஆராய்ந்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நஞ்சுக்கொடி வாயை மூடியிருந்து, முன்பு ஒரு சிசேரியன் மட்டும் ஆகியிருந்தால் இந்தக் கோளாறு இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 11. இரண்டு ஆகியிருந்தால் 40. மூன்று என்றால் 61. நஞ்சுக்கொடி வழக்கமான இடத்தில் மேலே இருந்தாலோ, இரண்டு சிசேரியனுக்குப் பிறகும் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. சிசேரியன் ஆனவர்கள் எல்லோரும் பயந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. தழும்பும், கீழே கிடக்கும் நஞ்சுக்கொடியும் ஒன்றாக வரும்போதுதான் ஆபத்து. தமிழ்நாட்டில் 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி நூறு பிரசவங்களில் ஏறக்குறைய 45 சிசேரியன். இந்திய சராசரி 21.5. ஆகவே இது நம் ஊர்ப் பெண்களின் பிரச்சினைதான்.

நமது பெண்ணிடம் திரும்புவோம். அவருக்கு அடுத்து வேண்டியது, இந்தக் கோளாறைப் பார்த்துப் பழகிய ஒருவர் எடுக்கும் டாப்ளர் ஸ்கேன். சிறுநீர்ப்பை ஓரளவு நிரம்பியிருக்க வேண்டும்; அப்போதுதான் அதற்கும் கர்ப்பப்பைக்கும் நடுவிலுள்ள கோடு தெளிவாகத் தெரியும். பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேன் இன்னும் துல்லியமானது. நஞ்சுக்கொடி கீழே இருந்தாலும் பாதுகாப்பானதுதான். நஞ்சுக்கொடிக்குள் ஒழுங்கற்ற ரத்தக் குழிகள் தெரிகின்றனவா என்று முதலில் பார்க்கிறார்கள். பூச்சி அரித்தது போன்ற தோற்றம் அது. நஞ்சுக்கொடிக்குப் பின்னால் இருக்க வேண்டிய கறுப்புக் கோடு மறைந்திருக்கிறதா, தசை ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே மெலிந்திருக்கிறதா, சிறுநீர்ப்பையின் வெள்ளைக் கோடு அறுபட்டிருக்கிறதா, அந்த இடத்தில் ரத்தக் குழாய்கள் நெருக்கமாக ஓடுகின்றனவா என்பதெல்லாம் அடுத்தடுத்து வரும். நஞ்சுக்கொடி பின்சுவரில் இருந்தால் ஸ்கேனுக்குச் சரியாகப் பிடிபடாது, அப்போது எம்.ஆர்.ஐ. உதவும். ஆனாலும் ஸ்கேன் நூற்றுக்கு நூறு நம்பக்கூடியது அல்ல. ரிப்போர்ட் சாதாரணம் என்று வந்தாலும், இரண்டு சிசேரியனும் கீழே கிடக்கும் நஞ்சுக்கொடியும் உள்ள பெண்ணை அனுபவமுள்ள மருத்துவர் சந்தேகக் கண்ணோடுதான் பார்ப்பார்.

கண்டுபிடிக்காமல் விட்டால் என்ன ஆகும்? குழந்தையை எடுத்ததும் மருத்துவர் வழக்கம்போல் நஞ்சுக்கொடியைப் பிரிக்கப் பார்ப்பார். பாதி பிரியும், பாதி பிரியாது. பிரிந்த இடத்தில் ரத்தக் குழாய்களின் வாய்கள் திறந்தே கிடக்கும். ஒட்டிய இடத்தில் கர்ப்பப்பை சுருங்கி அவற்றை மூட முடியாது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் பாய்கிறது. ரத்த வங்கி இல்லாத, நள்ளிரவில் ஒரே ஒரு மயக்க மருத்துவரை வைத்துக்கொண்டிருக்கும் நர்சிங் ஹோமில் இது நடந்தால், உயிரைக் காப்பாற்றக் கிடைப்பது சில நிமிடங்கள்தான்.

முன்கூட்டியே தெரிந்தால் நிலைமையே வேறு. நமது பெண்ணுக்கு 28 முதல் 32 வாரத்துக்குள் மறுபடி ஸ்கேன் எடுத்து, அக்ரீட்டா என்று உறுதியானதும், ரத்த வங்கியும் பச்சிளங்குழந்தை ஐ.சி.யூ.வும் உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். ஹீமோகுளோபின் 9, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றி 11க்குக் கொண்டுவருகிறார்கள். வீடு தொலைவில் என்பதால் 34ஆம் வாரமே அட்மிஷன். குழந்தையின் நுரையீரல் முதிர, ஒரு நாள் இடைவெளியில் இரண்டு ஸ்டீராய்டு ஊசிகள். பிரசவத்துக்கு 35ஆம் வாரத்தில் ஒரு பகல் வேளையைக் குறிக்கிறார்கள். அதற்கு மேல் காத்திருந்தால் வலியோ ரத்தப்போக்கோ தொடங்கி, அவசர அறுவையாகிவிடக்கூடும்.

அந்தச் சமயத்தில்தான் மாமியார் கேட்பார்: "கர்ப்பப்பைய எடுக்காம முடியாதா டாக்டரம்மா?" நியாயமான கேள்விதான். நஞ்சுக்கொடியை உள்ளேயே விட்டுவிட்டு, அது தானாகக் கரையக் காத்திருக்கும் முறை ஒன்று உண்டு. பிரான்சில் இதை அதிகம் செய்கிறார்கள். கரைய மாதக்கணக்காகும். நடுவே சீழ் பிடிக்கலாம், திடீரென்று ரத்தம் கொட்டலாம், கடைசியில் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியும் வரலாம். இன்னொரு குழந்தை வேண்டும் என்பவருக்கு, ஒட்டிய இடம் சிறியதாக இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எடுத்துத் தைப்பதும் உண்டு. மூன்று குழந்தைகளோடு போதும் என்று நினைக்கும், வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு மூன்று மணி நேரம் ஆகும் ஒரு பெண்ணுக்குத் திட்டமிட்டுக் கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்பது என் கருத்து.

அறுவை நாளில் கீறல் வழக்கமான குறுக்குக் கீறலாக இருக்காது; பெரும்பாலும் தொப்புளை ஒட்டி நெடுக்காகப் போடுவார்கள். நஞ்சுக்கொடி இல்லாத மேல்பகுதியில் கர்ப்பப்பையைத் திறந்து குழந்தையை எடுக்கிறார்கள். தொப்புள்கொடியைக் கட்டி வெட்டிவிட்டு, நஞ்சுக்கொடியைத் தொடாமலே கர்ப்பப்பையைத் தைத்து மூடி, இரண்டையும் ஒன்றாக அகற்றுகிறார்கள். கடினமான கட்டம் சிறுநீர்ப்பையைப் பிரிப்பதுதான். அதனால் சிறுநீரக அறுவை நிபுணரும் பக்கத்திலேயே இருப்பார். பொருத்தம் பார்த்த ரத்தம் தியேட்டரில் தயாராக இருக்கும். இவ்வளவு ஏற்பாட்டிலும் இரண்டு மூன்று லிட்டர் ரத்தம் போவது உண்டு. சினைப்பைகளை எடுப்பதில்லை. ஆகவே மாதவிலக்கும் கர்ப்பமும் இனி இல்லை என்றாலும், ஹார்மோன் சுரப்பு நின்றுவிடுவதில்லை.

சிசேரியன் ஆன பெண் மறுபடி கர்ப்பமானால் ஆறேழு வாரத்திலேயே ஸ்கேன் எடுத்து, கரு தழும்பில் பதிந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கோளாறு தொடங்கும் இடம் பெரும்பாலும் அதுதான், அப்போது செய்யக்கூடியவையும் அதிகம். ஸ்கேன் அறைக்குள் போனதும் எத்தனை சிசேரியன் என்பதை நீங்களாகவே சொல்லுங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டுபோங்கள். கீழே கிடக்கும் நஞ்சுக்கொடியோடு துளி ரத்தம் பட்டாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் பெரிய மருத்துவமனைக்கே நேராகப் போய்விடுங்கள்.