குடோன் கூரைக்கு எத்தனை கிலோவாட்?

செங்குன்றம் பக்கம் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் குடோன்களில் ஒன்றுக்குள் நண்பகலில் நுழைந்து பார்த்தால், முப்பதடி உயரத்தில் பெரிய குண்டு விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும். வெளியே வெயில் கொளுத்துகிறது. அந்த வெயில் கூரைத் தகரத்தோடு நின்றுவிட, கீழே காசு கொடுத்து வெளிச்சம் வாங்குகிறார்கள். இதைப் பார்க்கும் எவருக்கும் ஒரே யோசனைதான் தோன்றும்: இவ்வளவு பெரிய கூரை சும்மா கிடக்கிறதே, சோலார் போட்டால் என்ன?

போடலாம். ஆனால் கூரையின் அளவைப் பார்த்துப் போட்டால் கணக்கு இடறும். குடோன் என்பது கூரை பெரிதாகவும் மின்தேவை சிறிதாகவும் உள்ள கட்டடம். அதிலும் அந்தத் தேவையில் பெரும்பகுதி விளக்குக்கே போகிறது. விளக்கை மாற்றினால் தேவை பாதியாகிவிடும். எது முன், எது பின் என்பதில்தான் முதலாளியின் பணம் திரும்பி வருகிற காலம் அடங்கியிருக்கிறது.

கணக்குக்காக 20,000 சதுர அடியில் ஒரு குடோனை எடுத்துக்கொள்வோம். இதில் வரும் விலைகள் எல்லாம் உத்தேசமானவை. தங்கள் ஊரில் வாங்கிய விலைப்புள்ளியை வாசகர்கள் இவற்றின் இடத்தில் போட்டுக்கொள்ளலாம். மேலே 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்குகள் நாற்பது. பெயர்தான் 400 வாட். சோக் தின்பதையும் சேர்த்தால் ஒவ்வொன்றும் சுமார் 440 வாட் இழுக்கும். ஒரு நாளைக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் எரிந்தால் விளக்குக்கு மட்டும் 63,000 யூனிட். அலுவலக ஏசி, கணினி, கேமரா, சரக்கு தூக்கும் பேட்டரி வண்டிகளுக்குச் சார்ஜ் என்று இன்னொரு 22,000 யூனிட். மொத்தம் 85,000. யூனிட் 10 ரூபாய் என்று வைத்தால், நிலைக்கட்டணம் போக ஆண்டுக்கு எட்டரை லட்சம் ரூபாய்.

இந்த நாற்பதையும் 150 வாட் எல்இடி ஹைபே விளக்குகளாக மாற்றினால் விளக்குச் செலவு 21,600 யூனிட்டாக இறங்குகிறது. மிச்சம் கிட்டத்தட்ட 42,000 யூனிட், அதாவது 4.2 லட்சம் ரூபாய். விளக்கு, ஒயரிங் வேலை, உயரத்தில் ஏற வாடகைக்கு எடுக்கும் லிஃப்ட் எல்லாம் சேர்த்து ஒரு விளக்குக்கு 7,500 ரூபாய் என்றாலும் செலவு மூன்று லட்சம்தான். ஒன்பது மாதத்துக்குள் போட்ட பணம் கையில்.

400 வாட் இருந்த இடத்தில் 150 வாட் வெளிச்சம் போதுமா என்று கேட்பார்கள். பழைய விளக்கு எல்லாப் பக்கமும் ஒளி விடும். பிரதிபலிப்பான் அதைக் கீழே திருப்பும்போது ஒரு பங்கு வீணாகும். எரிய எரிய மங்கியும் போகும். எல்இடி நேராகக் கீழே பாய்ச்சுகிறது. ஆனாலும் வாய்ச்சொல்லை நம்ப வேண்டியதில்லை. மாற்றும் முன்பும் பின்பும் ரேக்குகளுக்கு இடையில் தரையில் லக்ஸ் மீட்டர் வைத்து அளந்துவிடலாம். முதலில் நாலு விளக்கை மட்டும் மாற்றிப் பார்ப்பது இன்னும் நல்லது. விலை மலிந்த விளக்குகளில் முதலில் போவது எல்இடி அல்ல, உள்ளே இருக்கும் டிரைவர். கோடையில் தகரக் கூரையின் அடியில் தேங்கும் சூடும், மின்னழுத்த ஏற்ற இறக்கமும் அதைக் கொன்றுவிடும். எத்தனை டிகிரி சூடு வரை தாங்கும், சர்ஜ் பாதுகாப்பு உண்டா, டிரைவருக்கும் சேர்த்துத்தான் வாரண்டியா என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். முப்பதடி உயரத்தில் ஒரு விளக்கைக் கழற்றி மாட்டும் கூலி, விளக்கின் விலையில் பெரும்பங்கை விழுங்கிவிடும்.

எல்இடி வந்த பிறகு இன்னொரு கதவு திறக்கிறது. பழைய மெட்டல் ஹாலைடை அணைத்தால் உடனே போட முடியாது. சூடு தணிந்து மறுபடி பிடிக்கப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அதனால்தான் ஆள் இல்லாத சந்துகளிலும் அது நாள் முழுக்க எரிந்தது. காவலாளியின் சோம்பலைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்இடி தட்டியதும் எரியும். ஆகவே ஆள் நடமாட்டத்தை உணரும் சென்சார் மாட்டலாம். சென்சார் ஒன்றுக்கு 1,500 ரூபாய், அதனால் விளக்குச் செலவில் முப்பது சதவீதம் குறைகிறது என்று கொண்டால், 60,000 ரூபாய் போட்டு ஆண்டுக்கு 65,000 ரூபாய் மிச்சம். இப்போது குடோனின் மொத்தத் தேவை 85,000 யூனிட்டிலிருந்து 37,000 யூனிட்டாக வந்து நிற்கிறது. இன்னும் கூரை மேல் ஒரு தகடுகூட ஏறவில்லை.

இனி சோலார். தமிழ்நாட்டில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக நாலு யூனிட், ஆண்டுக்கு 1,450 யூனிட் போலத் தரும். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி இடம் என்பது பழக்கத்தில் உள்ள கணக்கு. நடைபாதை, வெளிச்சத் தகடுகள் எல்லாம் விட்டாலும் இந்தக் கூரையில் நூறு கிலோவாட்டுக்கு மேல் கொள்ளும்.

விற்பனையாளர் பழைய மின்கட்டண அட்டையைப் பார்க்கிறார். 85,000 யூனிட்டை 1,450ஆல் வகுத்தால் சுமார் 60 கிலோவாட். கிலோவாட்டுக்கு 50,000 வீதம் 30 லட்சம் ரூபாய். ஆண்டு உற்பத்தி 87,000 யூனிட். யூனிட் 10 ரூபாய் வீதம் 8.7 லட்சம் மிச்சம். மூன்றரை ஆண்டில் பணம் திரும்பிவிடும் என்கிறது அவர் காட்டும் தாள். கூட்டல் பெருக்கலில் தப்பில்லை. தப்பு எங்கே என்றால், எல்இடி ஏற்கெனவே மிச்சப்படுத்திய யூனிட்டைச் சோலார் மறுபடி மிச்சப்படுத்த முடியாது. சூரியன் இறங்கிய பிறகு எரியும் விளக்கையும் அதனால் தொட முடியாது. 37,000 யூனிட்டில் வெயில் நேரத்துத் தேவை 27,000 யூனிட் போலத்தான் இருக்கும். மீதி உற்பத்தி எல்லாம் மின்வாரியக் கம்பிக்குப் போகும்.

அங்கே போகும் யூனிட்டுக்கு என்ன விலை என்பதுதான் கேள்வி. கொடுத்த யூனிட்டை வாங்கிய யூனிட்டோடு நேருக்கு நேர் கழிக்கும் நெட் மீட்டரிங், தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2021ஆம் ஆண்டு ஆணைப்படி வீடுகளுக்குத்தான். வணிக இணைப்பிலிருந்து வெளியே போகும் யூனிட்டுக்குத் தனி விலை. வாங்கும் விலையைவிட அது மிகவும் குறைவு. நம் கணக்குக்கு 3 ரூபாய் என்று வைப்போம். இது தவிர, கூரையில் உற்பத்தியாகும் யூனிட்டுக்கு நெட்வொர்க் கட்டணம் என்று ஒன்று உண்டு. அது அவ்வப்போது மாறுகிறது, சிறுதொழில்களுக்குச் சலுகையும் அறிவிக்கப்பட்டிருக்கிறது. நாம் ஒன்றரை ரூபாய் என்று வைப்போம்.

இப்போது 60 கிலோவாட்டை மறுபடி போட்டுப் பார்க்கலாம். உள்ளே பயன்படுவது 26,000 யூனிட், அதனால் மிச்சம் 2.6 லட்சம். வெளியே போகும் 61,000 யூனிட்டுக்கு 1.83 லட்சம் வருகிறது. நெட்வொர்க் கட்டணம் 1.3 லட்சம், கழுவித் துடைக்கவும் பராமரிக்கவும் 40,000 ரூபாய் போனால் நிற்பது 2.7 லட்சம். முப்பது லட்சம் திரும்ப 11 ஆண்டு ஆகும்.

அதே இடத்தில் 20 கிலோவாட் மட்டும் வைத்தால்? செலவு 11 லட்சம், உற்பத்தி 29,000 யூனிட். ஞாயிற்றுக்கிழமை உற்பத்தியும் நடுப்பகல் உபரியும் வெளியே போக, 20,000 யூனிட் உள்ளேயே செலவாகும். இரண்டு லட்சம் மிச்சத்தோடு 27,000 வரவைக் கூட்டி, நெட்வொர்க் கட்டணம் 43,500, பராமரிப்பு 15,000 ஆகியவற்றைக் கழித்தால் 1.68 லட்சம். ஆறரை ஆண்டில் பணம் திரும்பும். தகடுகளுக்கு 25 ஆண்டு உற்பத்தி வாரண்டி தருகிறார்கள், ஆண்டுக்கு அரை சதவீதத்துக்குச் சற்று மேல் உற்பத்தி தேய்ந்தாலும் முதலீடு மோசமில்லை. இடையில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்றும் செலவை மட்டும் ஒதுக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

வருமான வரியில் சோலாருக்கு 40 சதவீதத் தேய்மானம் கழிக்கலாம் என்பது உண்மைதான். 11 லட்சத்துக்கு முதல் ஆண்டில் 4.4 லட்சம் கழிவு. 30 சதவீத வரி கட்டுபவருக்கு 1.32 லட்சம் அப்போதே மிச்சம். ஆறு மாதத்துக்குக் குறைவாக ஓடியிருந்தால் அதில் பாதிதான். லாபமே இல்லாத ஆண்டில் அந்தச் சலுகை உடனே கைக்கு வராது. வீட்டுக் கூரைகளுக்கு மத்திய அரசு தரும் மானியம் குடோனுக்குக் கிடையாது.

திறனுக்கு இன்னொரு கடிவாளமும் உண்டு. சோலார் திறன், இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைத் தாண்டக் கூடாது. இந்தக் குடோனின் பளு 30 கிலோவாட் என்றால், 60 கிலோவாட் வேண்டுபவர் பளுவை இரட்டிப்பாக்கி, கிலோவாட் கணக்கில் வரும் நிலைக்கட்டணத்தையும் ஏற்றிக்கொள்ள வேண்டும். எல்இடி மாற்றத்தால் 11 கிலோவாட்டுக்கு மேல் பளு குறைந்திருப்பதால், உண்மையில் அவர் பளுவைக் குறைக்கத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் சோலார் திறனுக்குக் கீழே இறக்கிவிடக் கூடாது. இதை மறந்துவிட்டுப் பிறகு அலைபவர்கள் உண்டு.

கூரையைப் பற்றியும் கொஞ்சம். தகடும் தாங்கியும் சேர்ந்து சதுர மீட்டருக்குப் பதினைந்து கிலோ போலத்தான் எடை. நல்ல இரும்புச் சட்டம் தாங்கும். பயம் எடையைவிடக் காற்றிடம்தான். 2016 டிசம்பரில் வர்தா புயலைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பர்லின்களைப் பார்த்து எழுதித் தர வேண்டும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரையானால் தாளை மாற்றாமல் ஆள் ஏறுவதே ஆபத்து. அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்தால் ஆறரை ஆண்டு ஒன்பதாகிவிடலாம். திருகு போட்ட துளைகளில் முதல் ஐப்பசி மழைக்கு ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுப்பது புத்திசாலித்தனம்.

பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. கரண்ட் போனால் இந்தச் சோலாரும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியருக்கு ஷாக் அடிக்காமலிருக்க இன்வெர்ட்டர் தானே அணைந்துகொள்கிறது. நல்ல வெயிலில் டீசல் ஜெனரேட்டரைத் தேடி ஓடும்போதுதான் முதலாளிக்கு இது தெரியவரும்.

வாடகைக் குடோனில் இருப்பவருக்குப் பதில் எளிது. ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் ஆறரை ஆண்டுக் கணக்கு பொருந்தாது. எல்இடியை மாட்டிக்கொண்டு, காலி செய்யும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். சோலாரைக் கட்டட உரிமையாளரிடம் பேச வேண்டும்.

வெயில் நேரத்துத் தேவையை அறிய நிபுணர் தேவையில்லை. விளக்கை மாற்றிய பிறகு, சோலார்காரரை அழைக்கும் முன், ஒரு வாரம் காலை எட்டு மணிக்கும் மாலை ஐந்து மணிக்கும் மீட்டர் காட்டும் எண்ணைக் குறித்து வையுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள்.