ஏறி இறங்காத விளக்கொளி

பகல் வெளிச்சம் கூடும்போது விளக்கைத் தானாகத் தணித்து, குறையும்போது கூட்டி, மேசையில் விழும் ஒளியை ஒரே அளவில் வைத்திருக்கும் ஏற்பாடு அலுவலகங்களில் இன்று பரவலாக உள்ளது. கூரையில் பொருத்திய சென்சார் ஒளியை லக்ஸ் கணக்கில் அளக்கிறது. அந்த அளவைப் பார்த்து கன்ட்ரோலர் விளக்கின் பிரகாசத்தை மாற்றுகிறது. எழுத்து, கணினி வேலைகளுக்கு மேசையில் 500 லக்ஸ் என்பது பொதுவான இலக்கு.

சொல்வதற்கு எளிதாக இருந்தாலும், அவசரமாக அமைத்த பல அறைகளில் விளக்கு ஏறுவதும் இறங்குவதுமாகவே இருக்கும். சென்சார் பார்ப்பது சூரிய ஒளியை மட்டுமல்ல, விளக்கின் ஒளியையும் சேர்த்துத்தான். கன்ட்ரோலர் செய்த மாற்றம் அதனிடமே அடுத்த அளவாகத் திரும்பி வருகிறது. அதுவும் உடனே வருவதில்லை. விளக்கின் துடிப்பு அளவைக் கெடுக்காமலிருக்க சென்சார் பல அளவுகளின் சராசரியை எடுக்கிறது. கண்ணை உறுத்தாமலிருக்க விளக்கும் மெதுவாகவே ஏறுகிறது. இரண்டும் நல்ல எண்ணத்தில் செய்தவைதான், ஆனால் இரண்டும் தாமதத்தைக் கூட்டுகின்றன.

ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். விளக்கு முழுதாக எரிந்தால் மேசையில் 600 லக்ஸ் கிடைக்கிறது. அதாவது ஒரு சதவீதத்துக்கு 6 லக்ஸ். ஜன்னல் வழியே 200 லக்ஸ் வரும்போது விளக்கு 50 சதவீதத்தில் நின்றால் மொத்தம் 500. இப்போது மேகம் மறைத்து, பகல் ஒளி 80 ஆகிறது. அளவு 380, குறைவு 120 லக்ஸ். விளக்கு 20 சதவீதம் ஏறி 70-க்குப் போனால் கணக்கு முடிந்தது.

கன்ட்ரோலர் விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறது, மாற்றத்தின் பலன் இரண்டு விநாடி கழித்தே அளவில் தெரிகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் விநாடியில் விளக்கு சரியாக 70-க்குப் போகிறது. அடுத்த விநாடியிலும் சென்சார் பழைய 380-ஐயே காட்டுவதால் இன்னொரு 20 ஏறி 90 ஆகிறது. பிறகுதான் 620 லக்ஸ் என்ற செய்தி வருகிறது. கன்ட்ரோலர் பதறி இறக்குகிறது, மீண்டும் தாமதத்தால் தேவைக்கு மேல் இறக்கி 50-இல் கொண்டுவந்து விடுகிறது. ஆறு விநாடிக்கு ஒரு சுற்று என்று 50-க்கும் 90-க்கும் இடையே இது ஓயாமல் நடக்கும். கணக்கில் தவறில்லை. ஒரே குறையை இருமுறை திருத்தியதுதான் கோளாறு.

மருந்து எளியது. ஒவ்வொரு முறையும் முழுக் குறையையும் தீர்க்கப் பார்க்காமல், அதில் கால் பங்கை மட்டும் திருத்த வேண்டும். அதே அறையில் விளக்கு 50-இலிருந்து 55, 60, 64, 66, 68 என்று ஏறி, 70-ஐத் தாண்டாமலே அதை ஒட்டி வந்து நிற்கும். இதற்கு ஆறேழு விநாடிதான் ஆகிறது. தாமதம் இதைவிடக் கூடுதலாக இருந்தால் பங்கை இன்னும் குறைக்க வேண்டும், அல்லது திருத்தங்களுக்கு இடையே கூடுதல் நேரம் விட வேண்டும்.

அடுத்து, இலக்கைச் சுற்றி ஒரு சும்மா இருக்கும் எல்லை வேண்டும்: 480-க்கும் 520-க்கும் நடுவே அளவு இருந்தால் கன்ட்ரோலர் எதையும் தொடக்கூடாது. இந்த வித்தியாசத்தைக் கண் பொருட்படுத்தாது. ஆனால் எல்லையின் அகலம் விளக்கின் ஒரு படி மாற்றத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டாலி முறையில் படிகள் சமமானவை அல்ல. ஒவ்வொரு படியும் அப்போதைய ஒளியில் சுமார் 2.8 சதவீதம். முழு ஒளிக்கு அருகே இந்த அறையில் ஒரு படி சுமார் 17 லக்ஸ். எல்லையை 10 லக்ஸ் அகலத்தில் வைத்தால், ஒரு படி ஏறினால் அதிகம், இறங்கினால் குறைவு என்று விளக்கு இரண்டு படிகளுக்கிடையே தவிக்கும்.

நண்பகலில் வேறொரு சிக்கல் வரும். பகல் ஒளி மட்டுமே 700 லக்ஸ் ஆகும்போது விளக்கு பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. அப்போதும் கன்ட்ரோலர் உள்ளே கழித்துக்கொண்டே இருந்தால், மாலையில் இருட்டத் தொடங்கியபின் அந்தக் கடன் தீரும்வரை விளக்கு எரியாது. கணக்கு 0-க்குக் கீழும் 100-க்கு மேலும் போகாதபடி அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

சென்சார் இருக்கும் இடமும் முக்கியம். அது விளக்கையோ ஜன்னலையோ நேராகப் பார்க்காமல் மேசைப் பரப்பைப் பார்க்க வேண்டும். கூரைக்கு வருவது மேசையில் பட்டுத் திரும்பும் ஒளி என்பதால், மேசையில் 500 இருக்கும்போது அங்கே 100 மட்டுமே தெரியலாம். அந்த விகிதத்தை இரவில் ஒருமுறையும் பகலில் ஒருமுறையும் கை மீட்டரால் சரிபார்ப்பது நல்லது. பக்கவாட்டில் வரும் ஜன்னல் ஒளியின் விகிதம் வேறாக இருக்கும்.

விளக்கு ஆடுகிறது என்றால் காரணம் தேட ஒரு சோதனை போதும். தானியங்கியை அணைத்து, விளக்கை ஒரே அளவில் கையால் நிறுத்தி அளவுகளைப் பாருங்கள். அப்போது அளவு அசையாமல் நின்றால், கோளாறு திருத்தத்தின் வேகத்திலோ எல்லையின் அகலத்திலோதான். அப்போதும் ஆடினால் மேகம், நடமாடுவோரின் நிழல், விளக்கின் துடிப்பு என்று வெளியே தேட வேண்டும்.